முட்டி வலிக்கு நீச்சல் குளமா, சைக்கிளா?

(சமூக மன்றத்தில் மூத்த குடியிருப்பாளர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் மருத்துவர் அல்ல. சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. முழங்கால் பற்றிய தாள்களைப் பல ஆண்டுகளாகத் தமிழாக்கி வருகிறேன். சந்தேகம் வரும்போதெல்லாம் இயன்முறை சிகிச்சையாளர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். முட்டி வலி தொடங்கிவிட்டது, மருத்துவரும் உடற்பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார். நீச்சல் குளத்துக்குப் போவதா, சைக்கிள் மிதிப்பதா?

இத்தகைய தாள்களில் 'லோ இம்பேக்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். 'குறைந்த தாக்கம்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. அதனால் 'பாதம் தரையில் மோதாத பயிற்சி' என்று எழுதுவேன். மெதுவோட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் பாதம் தரையில் மோதுகிறது. நீச்சலிலும் சைக்கிளிலும் அந்த மோதல் இல்லை. ஆனால் மோதல் இல்லை என்பதற்காக முழங்காலுக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டிலும் வேலை உண்டு. ஒவ்வொன்றிலும் அது வேறு வகையாக இருக்கிறது.

முதலில் சுமையைப் பார்ப்போம். செயற்கை முழங்கால் மூட்டு பொருத்திக்கொண்ட சிலருக்கு, அந்த மூட்டுக்குள்ளேயே உணர்கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு சுமை மூட்டில் விழுகிறது. மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இழுப்பதால்தான் அது எடையைவிடக் கூடுகிறது. மாடிப்படி இறங்கும்போது இன்னும் அதிகம். லிஃப்ட் பழுதாகும் நாளில் உங்கள் முட்டியே இதைச் சொல்லியிருக்கும். சாதாரண வேகத்தில் சைக்கிள் மிதிக்கும்போதோ அந்தச் சுமை ஏறக்குறைய உடல் எடை அளவுதான், அல்லது அதற்குச் சற்று மேல். உடலின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்கிறது.

தண்ணீரில் சுமை இதைவிடக் குறையும். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்கள் தாங்குவது பாதி எடை. நெஞ்சளவு தண்ணீரில் அது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். 70 கிலோ எடையுள்ளவரின் கால்களில் 20 கிலோ சொச்சம்தான் இறங்கும்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் குளமே சிறந்தது என்று எல்லாரும் கிளம்பிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

53 வயதுப் பெண்மணி ஒருவரை நினைத்துக்கொள்வோம். உணவுக் கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்கிறார். வலது முழங்காலின் உட்புறம் வலிக்கிறது. பலதுறை மருந்தகத்தில் மூட்டுத் தேய்மானத்தின் ஆரம்ப நிலை என்று சொல்லிவிட்டார்கள். இளமையில் நீச்சல் கற்றவர் என்பதால் மகிழ்ச்சியோடு குளத்துக்குப் போகிறார். அரை மணி நேரம் நீந்துகிறார். தண்ணீரில் இருந்தவரை வலியே இல்லை. ஆனால் அன்றிரவு முழங்காலின் உட்புறம் குத்துகிறது, மறுநாள் காலையில் இலேசான வீக்கம்.

காரணம் நீச்சலின் வகை. நம் தலைமுறையிலும் உங்கள் தலைமுறையிலும் பெரும்பாலோருக்குத் தெரிந்தது தவளை நீச்சல். அதில் கால்களை மடக்கி, பாதங்களை வெளிப்பக்கமாகத் திருப்பி, பக்கவாட்டில் உதைத்துச் சேர்க்கிறோம். அந்த உதையில் முழங்கால் முறுக்கப்படுகிறது, அதன் உட்பக்கத் தசைநார் இழுபடுகிறது. போட்டிகளில் நீந்தும் இளைஞர்களுக்கே இதனால் முழங்கால் வலி வருவதுண்டு. உட்புறத்தில் ஏற்கெனவே தேய்மானம் இருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். தண்ணீரின் குளிர்ச்சியில் அப்போது வலி தெரியாது, இரவில்தான் தெரியும்.

இதற்காக அவர் குளத்தை விட்டுவிட வேண்டியதில்லை, உதையை மாற்றினால் போதும். கைகள் தவளை நீச்சலாகவே இருக்கட்டும். கால்களை மட்டும் நேராக நீட்டி, இடுப்பிலிருந்து மேலும் கீழுமாக மெல்ல அசைக்கலாம். முட்டி விறைப்பாக இல்லாமல் தளர்ந்திருக்க வேண்டும், ஆனால் சைக்கிள் மிதிப்பதுபோல் மடங்கக் கூடாது. மல்லாந்து நீந்தத் தெரிந்தால் இன்னும் நல்லது. கால்களை முற்றிலும் ஓய்வாக வைக்க விரும்பினால், தொடைகளுக்கிடையே வைத்துக்கொள்ளும் மிதவை உண்டு. குளத்தின் சுவரைக் காலால் உந்தித் திரும்பும்போதும் கவனம் தேவை. முட்டியை முழுதாக மடக்கி ஓங்கி உதைப்பது, தரையில் குந்தி எழுவதைப் போன்றதுதான்.

நீந்தவே தெரியாதவர்கள் நெஞ்சளவு தண்ணீரில் நடக்கலாம். 10 நிமிடம் முன்னோக்கி, பிறகு கொஞ்சம் பக்கவாட்டில். தண்ணீரே எதிர்த்துத் தள்ளும், அதுவே பயிற்சி. ஏணி வழியாக ஏறி இறங்குவது முழங்காலுக்குக் கடினம் என்பதால், படிக்கட்டோ சரிவுப் பாதையோ உள்ள குளத்தைத் தேர்ந்தெடுங்கள். உடை பற்றித் தயங்கும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி. நீச்சலுக்கான துணியில் தைத்த முழுக்கை, நீள்கால் உடைகள் கிடைக்கின்றன, பொதுக் குளங்களில் அவற்றை அணியலாம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் குளக்கரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் பாதங்களில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சைக்கிள். நம் பெண்மணிக்கு முழங்கால் ஏன் வலிக்கிறது என்பதை யோசித்தால், சைக்கிளுக்கு ஒரு தனிச் சிறப்பு இருப்பது தெரியும். வலி வந்ததிலிருந்து அந்தக் காலை அவர் அளந்து அளந்து பயன்படுத்துகிறார். அதனால் தொடையின் முன்பக்கத் தசை மெலிகிறது. அந்தத் தசைதான் முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது. அது மெலிய மெலிய மூட்டின் பாடு கூடுகிறது, வலியும் கூடுகிறது. குளத்தில் உடல் மிதப்பதால் மூச்சும் இதயமும் நன்றாக வேலை செய்தாலும், அந்தத் தசைக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை. சைக்கிள் மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதே தசை வேலை செய்கிறது. ஆகவே வலி மிகுந்த நாள்களுக்குக் குளம், முழங்காலைப் பலப்படுத்தச் சைக்கிள் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், நிலையாக நிற்கும் உடற்பயிற்சிச் சைக்கிளைத்தான் சொல்வேன். அதில் விழும் பயமில்லை, வெயில் மழை இல்லை, நடைபாதையில் எதிரே வருபவருக்கு ஒதுங்கி நிற்கும் கவலையும் இல்லை.

ஆனால் ஏறுவதற்கு முன் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, வலிக்கும் காலின் பாதத்தை நாற்காலிக்கு அடியில் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். உட்கார்ந்த நிலையில் முட்டி ஏறக்குறைய 90 பாகை மடங்கியிருக்கிறது. மிதி முழு வட்டம் சுற்ற ஏறக்குறைய 110 பாகை வேண்டும். பாதம் சற்றுப் பின்னால் போனால் சைக்கிள் மிதிக்கலாம். போகவில்லை என்றால், முதல் சில வாரங்கள் குளமே உங்களுக்கு ஏற்றது.

அடுத்து இருக்கையின் உயரம். சைக்கிளால் முட்டி வலி கூடியது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பெரும்பாலோர் இருக்கையைத் தாழ்வாக வைக்கிறார்கள். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அளவுக்கு மேல் மடங்கி, முட்டிச் சில்லு அழுத்தப்பட்டு, முன்பக்கம் வலிக்கும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க அளவுகோல் தேவையில்லை. இருக்கையில் அமர்ந்து, மிதி மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு வழக்கம்போல் பாதத்தின் முன்பகுதியை வைத்தால், முட்டி தானாகவே இலேசாக மடங்கியிருக்கும். இருக்கை மிக உயரமாக இருந்தால், மிதிக்கும்போது இடுப்பு இருபக்கமும் ஆடும், முட்டியின் பின்பக்கம் வலிக்கும். எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதை வைத்தே இருக்கையைச் சரிசெய்துவிடலாம். முன்பக்கம் வலித்தால் கொஞ்சம் ஏற்றுங்கள், பின்பக்கம் வலித்தால் இறக்குங்கள்.

கடினமாக மிதித்தால்தான் பலன் என்று சிலர் நினைக்கிறார்கள். எதிர்ப்பைக் கூட்டி மெதுவாக அழுத்தி மிதிக்கும்போதுதான் மூட்டில் சுமை ஏறுகிறது. எதிர்ப்பைக் குறைத்து, நிமிடத்துக்கு 60 முதல் 70 சுற்று வரை இலகுவாகச் சுற்றுவது நல்லது. நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

அந்தப் பெண்மணியின் வாரத்தை இப்போது அமைத்துப் பார்ப்போம். வேலை நாள்களில் ஏற்கெனவே கால் களைத்திருப்பதால், வாரத்தில் இரண்டு நாள் சைக்கிள், ஒரு நாள் குளம். முதல் வாரம் சைக்கிளில் 8 நிமிடம் மட்டும், எதிர்ப்பே இல்லாமல். ஒவ்வொரு வாரமும் 2 நிமிடம் கூட்டுகிறார். ஏழாவது வாரத்தில் 20 நிமிடம் ஆகிவிடும். அதன் பிறகே எதிர்ப்பை ஒரு படி ஏற்றுகிறார், அந்த வாரம் நேரத்தைக் கூட்டுவதில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் கூட்டினால், வலி வரும்போது எதனால் வந்தது என்று தெரியாது.

எவ்வளவு வலி வரலாம் என்று நீங்கள் கேட்கலாம். பூச்சியம் முதல் பத்து வரையிலான அளவில் மூன்று, நான்கு வரை பயிற்சியின்போது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தாலோ வீங்கியிருந்தாலோ, அது நேற்றுச் செய்தது அதிகம் என்பதற்கு அடையாளம். பயிற்சியை நிறுத்த வேண்டாம், முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்புங்கள். நாள்காட்டியில் நிமிடத்தையும் மறுநாள் வலியின் எண்ணையும் குறித்து வைத்தால், மருந்தகத்தில் கேட்கும்போது நினைவிலிருந்து தேட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு குறை. நீச்சலிலும் சைக்கிளிலும் எலும்புகள் உடலின் எடையைத் தாங்குவதில்லை, ஆகவே அவற்றால் எலும்பு உறுதியாகாது. வலி தணிந்த நாள்களில் கொஞ்சம் நடையையும் விட்டுவிடாதீர்கள்.

முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, அதனுடன் காய்ச்சல் வந்தாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று மடிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, குளமும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.