மேற்கு ஜன்னலுக்கு எந்தத் திரை?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

மேற்குப் பக்க வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராக ஜன்னல் பிளைண்ட்ஸ் போட்டால் தள்ளுபடி கிடைக்கும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், நான் போன வருஷம் முழுக்க என் மேற்கு அறையில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவனுக்கு எதையும் எழுதிப் பார்த்தால்தான் திருப்தி. தள்ளுபடி நல்லதுதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே சாமான் போடுவது சரியா என்பதுதான் என் கேள்வி.

முதலில் வெயில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கையை நேராக நீட்டி முஷ்டியை மூடினால், அதன் அகலம் ஏறக்குறைய பத்து டிகிரி. மார்ச்சிலும் சரி, மே மாதத்திலும் சரி, காரைக்குடியில் மாலை 4.30 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும். 5.30-க்கு ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவு தாழ வந்துவிட்ட வெயிலை ஜன்னலுக்கு மேலே இருக்கும் ஒன்றரை அடி சன்ஷேடு ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் மத்தியானம் 1 மணிக்கு இல்லாத கூச்சம் மாலையில் வருகிறது.

என் அறைக் கணக்கைச் சொல்கிறேன். ஜன்னல் 5 அடி அகலம், 4 அடி உயரம். கீழ் விளிம்பு தரையிலிருந்து 3 அடி, மேல் விளிம்பு 7 அடி. மேஜை ஜன்னலிலிருந்து 6 அடி தள்ளி இருக்கிறது. மேஜைப் பலகை இரண்டரை அடி உயரம்; நாற்காலியில் உட்கார்ந்தால் என் கண் 4 அடி உயரத்தில் இருக்கும். 4 மணிக்குச் சற்று முன்னால், ஜன்னலின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வரும் வெயில் மேஜைமேல் விழ ஆரம்பிக்கிறது. கண்ணில் நேராக அடிப்பது 5 மணி நெருங்கும்போதுதான். 5.30-க்கு மேஜையில் விழும் கதிர், ஜன்னலில் 4 அடி உயரத்தில், அதாவது கீழ் விளிம்புக்கு ஒரு அடி மேலே நுழைகிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ரோலர் பிளைண்ட் மேலிருந்து கீழே இறங்கும் சாமான். 4.30-க்கு மேஜையைக் காப்பாற்ற அதைக் கால் பங்குக்கு மேல் இறக்கினால் போதும். 5.30-க்கு முக்கால் பங்கு இறக்கியாக வேண்டும். அப்போது காற்றும் போச்சு, வெளிச்சமும் போச்சு. ஸ்லைடிங் கதவைத் திறந்து வைத்தால் துணி பட்டம் மாதிரி படபடக்கும்.

வெனிஷியனில் கிடைமட்டப் பட்டைகள். ஒரு அங்குல அலுமினியப் பட்டையைத் தட்டையாக வைத்தாலே 3.30 மணி வரையிலான வெயில் நேராக உள்ளே வராது. அதன்பிறகு பட்டையின் வெளி விளிம்பு கீழேயும் உள் விளிம்பு மேலேயும் இருக்கும்படி திருப்ப வேண்டும். அப்போது பட்டையின் முகம் வெயிலைப் பார்த்து நிற்கும். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் இடுக்கு வழியாக மேலேறி சீலிங்கில் பரவும். மாற்றித் திருப்பினால் இடுக்கு வெயிலின் பாதைக்கு நேராக அமைந்து, வெயில் அப்படியே உள்ளே வரும். பல வீடுகளில் "வெனிஷியன் போட்டும் கண் கூசுது" என்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஒரு நாள் திருப்பிப் பாருங்கள். பளபளக்கும் பட்டை வேண்டாம், மங்கல் பூச்சு கேளுங்கள். கடைசி முக்கால் மணி நேரம் எப்படியும் முக்கால்வாசி மூடத்தான் வேண்டும். தூசி துடைப்பதும் தலைவேதனைதான், மறைக்கவில்லை. ஆனாலும் படிக்கிற, எழுதுகிற அறைக்கு நான் இதைத்தான் தேர்ந்தேன்.

டிவி இருக்கும் ஹாலுக்கு ரோலர் சரி. கடையில் ஸ்கிரீன் துணி என்று காட்டுவார்கள். நுண்ணிய துளைகள் இருக்கும், துளை 5 சதவீதம், 3 சதவீதம் என்று சொல்வார்கள். ஐந்து சதவீதத் துணி வழியாக மாலைச் சூரியன் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மூன்றாம் மாடி ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து மாலையில் ஹாலில் உட்கார முடியவில்லை என்று சொன்னார்கள். அவர்களுக்கு அந்தப் புள்ளியே போதும், கண் நீர் வடிய. மூன்று சதவீதமோ அதற்கும் குறைவோ பார்க்கலாம். உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் வெயிலில் துணியே விளக்குப் போல ஒளிரும். வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் சாம்பல் என்று இரட்டை நிறத்தில் கிடைப்பது நல்லது. இன்னொன்று, பகலில் உள்ளே தெரியாத இந்தத் துணி, இரவில் நாம் விளக்குப் போட்டதும் வெளியே இருப்பவர்களுக்கு நம்மைக் காட்டிவிடும். எதுவானாலும் மாதிரித் துண்டை வீட்டுக்கு வாங்கிவந்து, மாலை 5 மணிக்கு உங்கள் ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். கடையின் டியூப்லைட்டில் எல்லாத் துணியும் அழகுதான்.

ரோமன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மடிப்பு மடிப்பாக மேலேறும் துணித்திரை. தூக்கினாலும் மடிப்புக் கட்டு ஒரு அடி வரை மேலே தொங்கும், நாலடி ஜன்னலில் அது பெரிய இடம். கண்டாங்கித் துணியில் தைக்கலாமா என்று மாடி வீட்டம்மா கேட்டார்கள். அழகாக இருக்கும். ஆனால் பின்னால் கனமான லைனிங் இல்லாமல் தைத்தால் இரண்டு கோடையில் நிறம் வெளுத்துவிடும். மத்தியானம் தூங்குகிற படுக்கையறைக்கு, லைனிங்கோடு, அதுவும் ஜன்னலுக்கு மேலே சுவரில் இடம் இருந்தால் போடலாம்.

அளவில்தான் பணம் இருக்கிறது. சட்டத்துக்குள்ளேயே ரோலரைப் பொருத்தினால், குழாயின் இருபுறக் கொக்கிக்காகத் துணி அரை அங்குலத்துக்கு மேல் குறையும். அந்த இடுக்கில் கத்தி மாதிரி வெயில் கோடு விழும். மேற்கு ஜன்னலுக்குச் சுவரின் மேல், இருபுறமும் 4 அங்குலம், மேலே 6, கீழே 4 கூட்டிப் பொருத்துவது நல்லது. அப்போது 20 சதுர அடி ஜன்னலுக்கு பில் 27 சதுர அடிக்கு மேல் வரும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், ஆனால் எந்த அளவுக்கு விலை சொல்கிறார் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மூன்றும் கூச்சத்தைக் குறைக்கும், சூட்டை அவ்வளவு குறைக்காது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் திரை அதைப் பிடிக்கிறது. கருந்துணி திரையின் மேல் மாலை 5 மணிக்குக் கை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி இருக்கும். அந்தச் சூடு அறைக்குள்தான் வரும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் வளவைச் சுற்றிய சாய்ப்பும் தாழ்வாரத்து மூங்கில் தட்டியும் வெயிலை வெளியிலேயே நிறுத்தின. பால்கனி இருக்கும் வீடுகளில் இன்றும் ஒரு மூங்கில் தட்டி எல்லா பிளைண்டையும்விட அதிகச் சூட்டைத் தடுக்கும். வெளித்தோற்றம் கெடும் என்று சங்க விதி தடுக்கிறது. ஒரே நிறம், ஒரே அளவு என்று வைத்து அனுமதிக்கலாமா என்பதை இன்றைக்கே ஓட்டுக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆர்டர் அதற்குப் பிறகு போகட்டும்.

பேரப் பிள்ளைகள் வரும் வீடுகளில் ரோலரின் சங்கிலியைச் சுவரில் கிளிப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், தொங்கும் வளையம் கழுத்தில் மாட்டும். அளவு பார்க்க வேண்டியவர்கள் சொல்லுங்கள், ஞாயிறு மாலை 4.30-க்கு நாடாவோடு வருகிறேன். காலையில் கூப்பிட்டால் வர மாட்டேன்.