தண்டனையைத் தீர்மானிக்கும் முதல் மணி நேரங்கள்



திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடும் நெடுஞ்சாலையில் உயிர்ச்சேதம் நேரும்போதெல்லாம் நாம் ஒன்றையே கேட்கிறோம்: குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளைக் கொன்றவனுக்கு இவ்வளவு சிறிய தண்டனையா? நியாயமான கேள்விதான். ஆனால் விடையைச் சட்டப் புத்தகத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது.

மும்பை வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2006 நவம்பர் 12, விடியற்காலை. பாந்த்ராவின் கார்ட்டர் சாலை நடைபாதையில் சாலைப்பணித் தொழிலாளர்கள் படுத்திருந்தார்கள். அவர்கள் மீது கார் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவர் அலிஸ்டர் பெரைரா. அவருடைய இரத்தத்தில் 100 மில்லிக்கு 112 மில்லிகிராம் மது இருந்தது. சட்டம் பொறுத்துக்கொள்வது 30 மில்லிகிராம் வரைதான்.

விசாரணை நீதிமன்றம் இதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எடுத்துக்கொண்டது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு அது. அப்போது உச்சபட்சமே இரண்டு ஆண்டுகள். கொடுத்தது ஆறு மாதம். உயர் நீதிமன்றமோ 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிக்குப் போனது. தன் செயலால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்தவர்களுக்கான பிரிவு அது. பத்தாண்டு வரை விதிக்கலாம். மூன்றாண்டு கிடைத்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மூன்றாண்டு குறைவு என்றே நீதிபதிகள் கருதினார்கள். ஆனால் தண்டனையைக் கூட்டும்படி அரசு மேல்முறையீடு செய்யவில்லை, அதனால் கூட்டவில்லை.

ஆறு மாதத்துக்கும் பத்தாண்டுக்கும் நடுவே நிற்பது ‘அறிந்திருந்தான்’ என்ற ஒன்றுதான். அதை நிரூபிக்க அந்த 112 என்ற எண் பெருந்துணையாக நின்றது. அந்த எண் இல்லாத வழக்கு எப்படிப் போகும் என்பதை நம் ஊர்ச் சாலையில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கூட்டேரிப்பட்டு அருகே இரவு பதினொரு மணிக்கு விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஓட்டுநரின் இரத்தத்தில் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் மது. அவருக்கும் காயம். திண்டிவனம் அரசு மருத்துவமனையில் முதலுதவி முடிந்து, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். உயிரைக் காக்கும் அவசரத்தில் இரத்த மாதிரி யாருக்கும் நினைவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத்தான் எடுக்கிறார்கள். இரத்தத்தின் ஒவ்வொரு 100 மில்லியிலும் உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் மதுவை எரித்துவிடும். ஐந்து மணி நேரத்தில் 75 போய்விட்டது. மிச்சம் 25. அறிக்கைப்படி அவர் குடித்து ஓட்டவே இல்லை!

மாதிரியை நேரத்தோடு எடுத்தாலும் போதாது. ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால், இரத்தத்தில் வந்தது அந்த மதுதான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். குப்பியில் சோடியம் ஃபுளோரைடு சேர்க்காவிட்டால், வைத்திருக்கும்போதே மதுவின் அளவு மாறும். முத்திரை, நேரம், ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர் பெயர் என ஒன்று விடுபட்டாலும் அறிக்கை ஆட்டம் காணும். வாயில் நாற்றம், தள்ளாட்டம், விரிந்த கண்மணி என்ற மருத்துவர் குறிப்பு மட்டும் போதாது என்று 1971-லேயே பச்சுபாய் கரியாணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, கவனக்குறைவு மரணத்துக்கு ஐந்தாண்டு வரை தண்டனை தருகிறது. தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு என்ற 106(2) பிரிவு, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பின் நடைமுறைக்கு வராமல் நிறுத்தப்பட்டது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அவர்களுடைய அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஓடியவனைச் சில மணி நேரம் கழித்துப் பிடித்தால், மதுவின் தடயமும் கரைந்திருக்கும். நின்றவனுக்கு இரத்தச் சோதனை, ஓடியவனுக்கு அது இல்லை என்றால், குடித்தவனுக்கு ஓடுவதே லாபம். கடுமை தேவைப்படுவது இங்கேதான். ஓடியதைத் தண்டனையைக் கூட்டும் காரணமாக நீதிமன்றங்கள் கொள்ள வேண்டும். காவல் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ நேரே போய்ச் சொன்னவரை ஓடியவராகக் கருதக் கூடாது.

மற்றபடி, உச்சபட்சத்தைப் பத்திலிருந்து இருபதாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரிவு கடுமையாக ஆக, நிரூபிக்க வேண்டிய சுமையும் கூடும். சான்று இல்லாத கடுமையான பிரிவு விடுதலையில்தான் முடியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு, குடித்து ஓட்டியதாகக் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தச் சொல்கிறது. தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். காயம்பட்டுக் கைதாகாமல் படுக்கையில் இருக்கும் ஓட்டுநருக்கும் இதே வேகம் வேண்டும். உயிர்ச்சேத விபத்தில் ஓட்டுநர் முதலில் சேரும் மருத்துவமனையிலேயே மாதிரி எடுத்து நேரம் குறிக்கும் வழக்கத்தை விழுப்புரம் மாவட்டம் தொடங்கட்டும்.

உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கும் அவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். எந்தப் பிரிவு போட்டார்கள் என்று கேட்பதற்கு முன், இரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள். அன்றிரவே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.