ஒரு புள்ளிக்குள் ஒளிந்திருந்த நூறு விநாடி

உறையூரில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. மாலையில் வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் பிள்ளைகள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே எட்டுப் பேர் வரிசையாகக் குந்தி உட்காருவார்கள், ஒருவர் இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவர் அந்தப் பக்கம் பார்த்து. கோ-கோ தொடங்கிவிடும். நான் ஓரத்தில் ஒரு நோட்டும் ஸ்டாப்வாட்சுமாக நிற்பேன். அந்த நோட்டில் எதை எழுத வேண்டும் என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

பள்ளிக்கூடத்தோடு கோ-கோவை விட்டுவிட்டவர்களுக்காக ஆட்டத்தை ஒரு முறை நினைவுபடுத்துகிறேன். விரட்டும் அணியில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் ஓடி விரட்டுவார். அவர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு திசையில் கிளம்பிவிட்டால் கம்பத்தைச் சுற்றும்வரை திரும்பக் கூடாது. எதிராளி அந்தப் பக்கம் நழுவினால், உட்கார்ந்திருக்கும் தோழரின் முதுகைத் தொட்டு “கோ” என்று குரல் கொடுத்துத் தன் இடத்தில் அவரை எழுப்பிவிட வேண்டும். ஓடித் தப்பும் அணி மூன்று மூன்று பேராக உள்ளே வரும். அந்த மூவரை ஒரு பேட்ச் என்பார்கள். மூவரும் அவுட்டானால் அடுத்த மூவர். ஒரு அணி விரட்டுவதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு டர்ன்.

பழைய முறை ஆட்டத்தில் ஒரு டர்ன் 9 நிமிடம், ஓர் அவுட்டுக்கு ஒரு புள்ளி. மறுநாள் பத்திரிகையில் முடிவு வரும்போது கவனித்திருக்கிறீர்களா? விரட்டியவர் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை பேரைப் பிடித்தார் என்று இருக்கும். ஓடியவர் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தார் என்று இருக்கும். ஒருவருக்குத் தலைக்கணக்கு, மற்றவருக்கு நேரக்கணக்கு. இரண்டும் வேறு வேறு போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒரே நாணயம்தான். டர்னின் விநாடிகளை அவுட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒருவரைப் பிடிக்க எத்தனை விநாடி செலவானது என்பது வந்துவிடும். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டால் ஓடியவரின் நிமிடங்களையும் புள்ளியாக மாற்றிவிடலாம்.

நாம் எல்லோரும் பார்த்த ஓர் ஆட்டத்தை வைத்தே கணக்குப் போடுவோம். 2025 ஜனவரி 19, டெல்லி இந்திரா காந்தி உள்ளரங்கம். முதல் கோ-கோ உலகக் கோப்பையின் மகளிர் இறுதி ஆட்டம், இந்தியாவும் நேபாளமும். உலகக் கோப்பையில் ஒரு டர்ன் 7 நிமிடம், அதாவது 420 விநாடி. ஓர் அவுட்டுக்கு 2 புள்ளி. ஒரு பேட்ச்சில் ஒருவராவது 3 நிமிடம் பிடிபடாமல் களத்தில் இருந்துவிட்டால் ஓடும் அணிக்கு 1 புள்ளி, அதன்பின் ஒவ்வொரு 30 விநாடிக்கும் இன்னொரு புள்ளி. இதற்கு டிரீம் ரன் என்று பெயர்.

முதல் டர்னில் இந்தியா விரட்டி 34 புள்ளி எடுத்தது. 17 அவுட். 420-ஐ 17-ஆல் வகுத்தால் சுமார் 25 விநாடிக்கு ஒருவர். இரண்டாவது டர்னில் நேபாளம் விரட்டி 24 புள்ளி எடுத்தது. 12 அவுட், 35 விநாடிக்கு ஒருவர். பாதி ஆட்டம் முடிந்தபோது பலகையில் 35-க்கு 24. இந்தியாவின் 34 எப்படி 35 ஆனது? இரண்டாவது டர்னில் இந்தியாவின் ஒரு பேட்ச் 3 நிமிடத்தைக் கடந்து டிரீம் ரன் எடுத்தது. அதற்கு 1 புள்ளி.

இந்த ஒற்றைப் புள்ளியிடம் கொஞ்சம் நிற்போம். அந்த பேட்ச் களத்தில் இருந்தது 3 நிமிடத்துக்கு மேல், மூன்றரை நிமிடத்துக்குள். இல்லாவிட்டால் இரண்டாவது புள்ளி வந்திருக்கும். அவர்களிடமிருந்து நேபாளம் எடுத்திருக்கக் கூடியது அதிகபட்சம் 3 அவுட். மொத்தம் 12 என்றால், குறைந்தது 9 அவுட் மீதமிருந்த நாலு நிமிடத்துக்குள் விழுந்தவை. 240 விநாடியில் 9 பேர் என்றால், 27 விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஒருவர். ஆக, நேபாளப் பெண்கள் 35 விநாடி வேகத்தில் விரட்டியவர்கள் அல்லர். மற்ற பேட்ச்களை இந்தியாவுக்குக் கிட்டத்தட்ட நிகரான வேகத்தில்தான் பிடித்திருக்கிறார்கள். ஒரே ஒரு பேட்ச் அவர்களுடைய சராசரியை இழுத்துவிட்டது.

இப்போது மாற்றி யோசியுங்கள். அந்த மூவரும் மற்றவர்களைப் போலவே 27 விநாடிக்கு ஒருவராக விழுந்திருந்தால் 80 விநாடி சொச்சத்தில் கதை முடிந்திருக்கும். மிச்சமாகும் 100 விநாடியில் நேபாளம் இன்னும் கிட்டத்தட்ட 4 பேரைப் பிடித்திருக்கும். 8 புள்ளி. இந்தியாவின் 1 புள்ளியும் வந்திருக்காது. பாதி ஆட்டத்தில் பலகை 34-க்கு 32 என்று நின்றிருக்கும். 11 புள்ளி முன்னிலை 2 புள்ளியாகச் சுருங்கியிருக்கும். பலகையில் 1 என்று விழுந்த ஓட்டத்தின் உண்மையான விலை 9.

எனக்கு இந்த விளையாட்டில் பிடித்த இடம் இதுதான். டிரீம் ரன் புள்ளி என்பது ஓடுபவருக்குக் கொடுக்கிற சன்மானம் மட்டுமே. அவருடைய உழைப்பின் பெரும்பகுதி எதிரணி எடுக்காமல் போன புள்ளிகளில் கிடக்கிறது. எடுக்காத புள்ளியை எந்தப் பலகையும் காட்டாது. நோட்டுப் போட்டு எழுதுகிறவர்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவது டர்னில் இந்தியா 38 புள்ளி குவித்தது. 19 அவுட், 22 விநாடிக்கு ஒருவர். 73-க்கு 24. நேபாளம் ஜெயிக்க இனி 50 புள்ளி வேண்டும். அதாவது 420 விநாடியில் 25 பேர், 17 விநாடிக்கு ஒருவர். கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களில் எவ்வளவு வேகம் தேவை என்று பார்ப்பீர்கள் அல்லவா, அதே கணக்கு. அதுவரை ஒரு முழு டர்னில் எந்த அணியும் காட்டிய உச்ச வேகமே 22 விநாடிதான். அப்படியென்றால் நான்காவது டர்ன் தொடங்கும்போதே ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது.

அந்த நான்காவது டர்னில்தான் எல்லோரும் கொண்டாடிய ஓட்டம் வந்தது. இந்தியாவின் சைத்ரா இருந்த பேட்ச் 5 நிமிடம் 14 விநாடி நின்றது. 5 டிரீம் ரன் புள்ளி. இறுதிக் கணக்கு 78-க்கு 40. நேபாளம் அந்த டர்னில் எடுத்த 16 புள்ளிக்கு 8 அவுட். அந்த பேட்ச்சின் மூவரும் பிடிபட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், மீதி 5 பேர் விழுந்தது வெறும் 106 விநாடியில். 21 விநாடிக்கு ஒருவர்! ஆனால் அந்த டர்னின் சராசரியோ 52.5 விநாடி என்று சொல்லும். சராசரியை மட்டும் எழுதி வைத்தால் நேபாளம் சோர்ந்துபோய் விரட்டியது என்று நினைப்போம். அது அந்தப் பெண்களுக்கு நாம் செய்யும் அநியாயம். அதனால்தான் டர்ன் கணக்கை விட பேட்ச் கணக்கை நான் நம்புகிறேன்.

இரண்டு டிரீம் ரன்களில் எது பெரியது? ஓடும் திறமை என்று பார்த்தால் சந்தேகமே இல்லை, 5 நிமிடம் 14 விநாடிதான். அப்படி ஓட நுரையீரலும் வேண்டும், கம்பத்தடியில் விரட்டுபவரைக் கடைசி அடி வரை வரவிட்டு நழுவும் நெஞ்சுரமும் வேண்டும். ஆட்டத்தை எவ்வளவு நகர்த்தியது என்று பார்த்தால், என் தீர்ப்பு இரண்டாவது டர்னில் வந்த அந்த 1 புள்ளி ஓட்டத்துக்குத்தான். அப்போது ஆட்டம் இன்னும் யார் பக்கமும் சாயவில்லை.

அதே நாள் ஆடவர் இறுதி ஆட்டத்தையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். நம் தமிழ்நாட்டுச் சுப்ரமணி இடம்பெற்ற அணி அது. முதல் டர்னில் இந்தியா 26, இரண்டாவதில் நேபாளம் 18, மூன்றாவது டர்ன் முடிவில் 54-க்கு 18. நேபாளத்துக்கு 19 அவுட் வேண்டியிருந்தது, 22 விநாடிக்கு ஒருவர். முந்தைய டர்னில் அவர்கள் ஒருவரைப் பிடிக்க எடுத்துக்கொண்டது 47 விநாடி. வேகத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்ட வேண்டிய நிலை. மறுபடியும் 18 புள்ளிதான் கிடைத்தது. 54-க்கு 36.

கடைசி டர்ன் எப்போதும் உயிரற்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2022 செப்டம்பர் 4, புனேயில் அல்டிமேட் கோ-கோ முதல் சீசனின் இறுதி ஆட்டம். ஒடிசா ஜக்கர்நாட்ஸ் தெலுகு யோதாஸை 46-க்கு 45 என்று வென்றது. 14 விநாடி இருக்கையில் ஒடிசாவின் சூரஜ் லாண்டே பாய்ந்து விழுந்து பிடித்தார். அந்தப் போட்டியில் சாதாரணமாகத் தொட்டால் 2 புள்ளி, உடம்பை வீசிப் பாய்ந்து தொட்டால் 3 புள்ளி. அவர் ஓடிப்போய்க் கையால் தொட்டிருந்தால் 45-க்கு 45. அந்த ஒரு பாய்ச்சலில் கூடுதலாக வந்த 1 புள்ளிதான் கோப்பை.

இனி என் நோட்டின் குறையையும் சொல்ல வேண்டும். உறையூர்ப் பள்ளி மைதானத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து, யார் எத்தனை பேரைத் தொட்டார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே மிகக் குறைவாக இருந்தது. அணியில் அவளை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று பயிற்சி தரும் டீச்சரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “சார், இன்னைக்கு அவளை மட்டும் பாருங்க” என்றார்.

பார்த்தேன். அவள் எழுந்ததும் ஓடுகிற பிள்ளையை நேராகத் துரத்தவில்லை. கம்பத்துப் பக்கமாக வளைத்து, திரும்ப இடமில்லாதபடி நெருக்கி, சரியான நேரத்தில் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்குக் கோ கொடுத்தாள். எழுந்தவளுக்கு ஒன்றரை எட்டுதான் வேலை. கையை நீட்டினாள், தொட்டாள். என் நோட்டில் தொட்டவள் பெயர் ஏறியது. “உங்க நோட்டுல அதுக்கு இடம் இருக்கா சார்?” என்று டீச்சர் கேட்டார். இல்லைதான். அன்றிலிருந்து தொட்டவருக்கு முன்னால் கோ கொடுத்தவரின் பெயரையும் எழுதுகிறேன். அவுட்டுக்கு அவுட் எத்தனை கோ விழுந்தது என்பதையும் குறிக்கிறேன். நேரம் அதிகமாகி, கோவும் அதிகமானால் ஓடுகிறவர் சாமர்த்தியசாலி. நேரம் அதிகமாகியும் கோ குறைவாக இருந்தால், விரட்டுகிறவர்கள் கோ கொடுக்கத் தயங்குகிறார்கள், ஒருவரே மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். முதலாவதற்கு மருந்து கிடையாது, எதிராளி கெட்டிக்காரர். இரண்டாவதை மறுநாள் பயிற்சியிலேயே சரி செய்யலாம்.

பேட்ச் மாறும் நேரத்தையும் தனியாகக் குறிக்க வேண்டும். பழைய விதிப்படி மூன்றாவது ஆளைப் பிடித்தவர் புதிதாக வரும் மூவரைத் துரத்தக் கூடாது, உடனே கோ கொடுத்துவிட வேண்டும். புதியவர்களும் தாமதிக்க முடியாது, இரண்டு கோவுக்குள் களத்துக்குள் வந்துவிட வேண்டும். அந்தச் சில விநாடிகளில் வருகிறவர் இன்னும் கால் ஊன்றியிருக்க மாட்டார். விவரமான அணி அங்கேயே ஒருவரைப் பறித்துவிடும். நோட்டில் 5 விநாடி, 6 விநாடி என்று விழும் அவுட்டுகள் பெரும்பாலும் இவைதான்.

விநாடியை வைத்து விரட்டலை அளப்பது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பழைய விதிப்புத்தகத்திலேயே அது இருக்கிறது. ஆட்டம் சமனாகி, கூடுதல் ஆட்டமும் சமனானால் மினிமம் சேஸ் என்று ஒன்று வைப்பார்கள். இரண்டு அணியும் ஆளுக்கொரு முறை விரட்ட வேண்டும், முதல் அவுட் விழும்வரை மட்டும். யார் குறைந்த நேரத்தில் பிடித்தார்களோ அவர்களுக்கு வெற்றி. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் கிளம்ப, நடுவர் கையில் கடிகாரம் ஓட, மைதானத்தில் ஒரு சத்தம் இருக்காது, அந்தக் “கோ”வைத் தவிர.