“இது சரியா?”: வேலைக் கடிதத்தில் மூன்று பத்திகள்

(காரோட்டில் வேலை தேடும் இளைஞர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



கழக்கூட்டத்தில் தொடங்கும் புறவழிச்சாலை ஏறத்தாழ 43 கிலோமீட்டர் ஓடிக் காரோட்டில் வந்து முடிகிறது. அதன் ஒரு முனையில் டெக்னோபார்க் இருக்கிறது. மறுமுனையில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைக் கிராமங்கள் இருக்கின்றன. இக்கிராமங்களின் இளைஞர் ஒருவருக்கு வேலைக் கடிதம் வந்தால், முதலில் அதைப் படமெடுத்து, விவரம் தெரிந்த மூத்தவர் ஒருவருக்கு அனுப்புகிறார். உடன் ஒரே வரி எழுதுகிறார்: “அண்ணா, இது சரியா?”

இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் விடை தர இயலாது. ஊதியம் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். தகுதிகாண் பருவம், முன்னறிவிப்புக் காலம், பாண்டு எனப்படும் பணிப்பிணை ஆகிய மூன்றும் பின்பக்கங்களில் தனித்தனியே கிடக்கும். அவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால்தான் யார் கட்டுண்டவர், யார் விடுபட்டவர் என்பது விளங்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு கடிதத்தைக் கொள்வோம். மாத ஊதியம் 18,000 ரூபாய். தகுதிகாண் பருவம் ஆறு மாதம். நிர்வாகம் விரும்பினால் நீட்டிக்கலாம். அப்பருவத்தில் நிர்வாகம் ஏழு நாள் அறிவிப்பில் நீக்கலாம். ஊழியர் விலகுவதானால் 90 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இரண்டாண்டுக்குள் “எக்காரணத்தாலேனும் பணி முடிவுற்றால்” 1,50,000 ரூபாய் செலுத்த வேண்டும்.

முதலில் தகுதிகாண் பருவம். ஆறு மாதம் என்பதில் தவறில்லை. “விரும்பினால் நீட்டிக்கலாம்” என்பதில்தான் குறை உள்ளது. எத்தனை முறை, எதுவரை என்ற வரம்பு அதில் இல்லை. ஆறு மாதம் கடந்துவிட்டதாலேயே நிரந்தரமாகிவிட்டோம் என்று பலர் நம்புகின்றனர். உறுதிப்படுத்தும் ஆணை வராதவரை பருவம் தொடர்வதாகவே நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்கின்றன. உச்சவரம்பு எழுதப்பட்டிருந்தால்தான் அதைக் கடந்தபின் வாதிட இடம் உண்டு.

எனினும் கடிதத்துக்கு மேலே சட்டம் இருக்கிறது. வேலையிடம் கேரளத்தில் இருந்தால் 1960-ஆம் ஆண்டின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தின் 18-ஆவது பிரிவும், எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் இருந்தால் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவும் பேசும். ஆறு மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவரை நியாயமான காரணமின்றி நீக்கலாகாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தர வேண்டும் என்று இரண்டும் கூறுகின்றன. இப்பிரிவுகள் பார்ப்பது பணிபுரிந்த காலத்தையே. நிர்வாகப் பதவியில் இருப்போர் மட்டும் இப்பாதுகாப்பில் வரமாட்டார்கள்.

அடுத்து முன்னறிவிப்புக் காலம். நாள்களின் எண்ணிக்கையை விட, இரு தரப்புக்கும் அது ஒன்றா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நமது கடிதத்தில் ஊழியருக்கு 90 நாள். நிர்வாகத்துக்கு ஏழு நாள். வேறு வேலை கிடைத்தாலும் புதிய நிறுவனம் மூன்று மாதம் காத்திருக்குமா என்பது ஐயம். 90 நாளுக்குப் பதிலாகப் பணம் கட்டி விலகினால் 54,000 ரூபாய் ஆகிறது. அந்தத் தொகை அடிப்படை ஊதியத்தின்மீதா, மொத்த ஊதியத்தின்மீதா என்று கடிதம் சொல்ல வேண்டும். பணம் கட்டி விலகுவது ஊழியரின் உரிமையா, நிர்வாகத்தின் விருப்பமா என்பதும் தெளிவாக வேண்டும். நிர்வாகத்தின் விருப்பம் என்று இருந்தால், பணம் தர ஆயத்தமாக இருப்பவருக்கும் விடுவிப்புக் கடிதம் கிடைக்காமல் போகலாம்.

மூன்றாவது பாண்டு. 1,50,000 ரூபாய் என்பது எட்டு மாத ஊதியத்துக்கும் மேல். இது செல்லுமா என்றால், பாண்டு என்றாலே செல்லாது என்று சிலரும், கையெழுத்திட்டால் தப்பவே முடியாது என்று சிலரும் கூறுவர். இரண்டும் பிழை. அண்மைய தீர்ப்பு ஒன்று இதை விளக்கும்.

விஜயா வங்கியில் 2007-இல் முதுநிலை மேலாளராக நியமிக்கப்பட்ட அதிகாரி ஒருவரின் கடிதத்தில், மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற விதி இருந்தது. அவர் 2009-இல் விலகி வேறொரு வங்கிக்குச் சென்றார். எதிர்ப்பைப் பதிவு செய்தே பணத்தைக் கட்டினார். கர்நாடக உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றமோ 2025 மே 14 அன்று அதை மாற்றி, விதி செல்லும் என்றது. பணிக்காலத்துக்குள் பொருந்தும் கட்டுப்பாடு, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு தடுக்கும் தொழில் தடையாகாது என்பது ஒரு காரணம். பொதுத்துறை வங்கி திறந்த போட்டியின்றி எவரையும் நியமிக்க முடியாது. இடையில் ஒருவர் விலகினால் செலவு மிகுந்த அத்தேர்வை மீண்டும் நடத்த வேண்டும் என்பது மற்றொரு காரணம். அப்பதவியின் ஊதியத்தை நோக்க அத்தொகை மிகையன்று என்றும் நீதிமன்றம் கருதியது.

இக்காரணங்களை நமது கடிதத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஒரே நேர்காணலில் ஆளெடுக்கும் தனியார் நிறுவனம் அத்தகைய தேர்வுச் செலவைக் காட்ட முடியுமா? 18,000 ரூபாய் ஊதியத்துக்கு 1,50,000 ரூபாய் அளவானதா? இத்தகைய கட்டுப்பாடு நியாயமானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்பதையும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஒருவரை விருப்பமின்றி வேலையில் இருத்தி வைக்க எந்தப் பாண்டாலும் இயலாது. கேட்கக்கூடியது பணம் மட்டுமே. ஆனால் அந்த அதிகாரியின் வழக்கு முடியப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆகவே வாதிட வேண்டிய சிறந்த நேரம் கையெழுத்துக்கு முந்தைய நாள்தான்.

நமது கடிதத்தில் ஆகக் கொடிய சொற்கள் “எக்காரணத்தாலேனும்” என்பவை. நிர்வாகமே ஏழு நாளில் நீக்கினாலும் ஊழியரிடம் பணம் கேட்க அவை வழி வைக்கின்றன. தகுதிகாண் பருவத்தையும் பாண்டையும் சேர்த்துப் படிக்காதவர் கண்ணில் இது படாது.

அந்த இளைஞர் மின்னஞ்சலில் நான்கு திருத்தங்களைக் கேட்கலாம். “ஊழியர் தாமாக விலகினால் மட்டும்” என்று பாண்டு மாற வேண்டும். பணிபுரிந்த மாதங்களுக்கேற்பத் தொகை குறைய வேண்டும். பதினெட்டு மாதம் பணியாற்றியவருக்கு எஞ்சிய ஆறு மாதத்துக்கு 37,500 ரூபாயே வரும். முன்னறிவிப்பு இரு தரப்புக்கும் ஒன்றாக வேண்டும். தகுதிகாண் பருவத்துக்கு உச்சவரம்பு வேண்டும். பயிற்சிச் செலவு என்று காரணம் சொன்னால், என்ன பயிற்சி, எத்தனை நாள், செலவு எவ்வளவு என்று எழுத்தில் பெற வேண்டும்.

நிர்வாகம் மறுக்கலாம். வீட்டு நிலைமை அவரைக் கையெழுத்திடச் செய்யலாம். அது அவர் குற்றமன்று. அப்போதும் இரண்டைக் கொடுக்கலாகாது: மூலச் சான்றிதழ்கள், தொகை எழுதாத காசோலை. முன்னது அவரைப் பிணையாளாக்கும். பின்னது இழப்பை மெய்ப்பிக்க வேண்டிய முதலாளியின் சுமையை நீக்கி, காசோலை மோசடி வழக்கின் அச்சத்தை அவர் தலையில் ஏற்றும். கேள்வி கேட்ட மின்னஞ்சலையும் வந்த பதிலையும் அவர் காத்து வைக்கட்டும்; அந்த மறுப்பே பின்னாளில் சாட்சியாகும்.

தனியொருவர் கேட்டால் “வேறு ஆள் இருக்கிறார்” என்பார்கள். அதே கடிதத்தைப் பெற்ற பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டால் அதே விடையைச் சொல்வது எளிதன்று. அடுத்த முறை “இது சரியா?” என்று ஒரு படம் வரும்போது, கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “தம்பி, இதே கடிதம் இன்னும் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?”