மௌனத்துக்கு ஒரு பதிவுத் தபால்

 

தம்பி, மைக்கைக் கொஞ்சம் தூக்கி வையுங்க. என் கையில் இருக்கிறதைப் பின்வரிசைக்கும் காட்ட வேண்டும். பாருங்க, என்ன பளபளப்பு! வீட்டுத்திட்டத்துக்காரர் எனக்குத் தந்த புத்தகம். நாலாம் பக்கத்தில் கிளப் ஹவுஸ். வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கோப்பி குடிக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு மலை. மலை உச்சியில் பனி! அக்குறணையில் பனிமலை! ஏழாம் கட்டையில் நாற்பது வருஷம் கடை வைத்திருந்த என் வாப்பாவுக்கே தெரியாத மலை அது.

சிரியுங்க. நானும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் முற்பணம் கட்டினேன்.

ஐந்தாம் பக்கம், 'நதிக்கரைப் பூங்கா'. எந்த நதி? நம்ம பிங்கா ஓயா! மழை இறுகினால் கண்டி வீதி எது, ஓயா எது என்று தெரியாது. கடைக்காரர்கள் சாமான்களை மேல் தட்டுக்கு ஏற்றுவார்கள். அந்தக் கரையில் பூங்காவாம். பூங்காவுக்கு நாம் போக வேண்டியதில்லை, நதியே பூங்காவைத் தூக்கிக்கொண்டு நம்ம வீட்டுக்கு வந்துவிடும். இதில் பகிடி இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஓயாவின் இரு கரையிலும் விட வேண்டிய ஒதுக்குநிலம் விற்பனைக்குரிய காணி இல்லை. அதைப் பச்சை வர்ணத்தில் தீட்டி 'பூங்கா' என்று காட்டினால், தங்களுக்கே சொந்தமில்லாத இடத்தை நமக்குப் பரிசாகத் தருகிறார்கள் என்று அர்த்தம். அதனால் முதல் கேள்வி 'எப்போது கட்டுவீர்கள்' என்பது இல்லை. 'எந்தத் துண்டில் கட்டுவீர்கள்?' அதுதான் முதல் கேள்வி.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு மனுஷர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து போய்விடுவார். ஓய்வுபெற்ற தபால் அதிபர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்க. எங்கள் வீட்டுத்திட்டத்தில் எட்டாம் இலக்க வீடு. அவருடைய ஃபைலை நீங்கள் பார்க்க வேணும். புத்தகம், பற்றுச்சீட்டு, பிளான், எல்லாம் திகதிவாரியாக. ஓரத்தில் சிவப்பு மையால் பக்க இலக்கம்.

நாங்கள் என்ன செய்தோம்? வீட்டுத்திட்டத்துக்காரரின் காரியாலயத்துக்குப் போனோம், பிளேன்டீ குடித்தோம். 'ஹாஜியார், அடுத்த மாசம் வேலை தொடங்குது' என்றார்கள். வந்துவிட்டோம். அடுத்த மாசமும் அதே பிளேன்டீ. நான் கணக்கு வைக்கவில்லை, ஆனால் அந்தத் தேநீருக்கு ஊற்றிய தண்ணீரில் ஒரு நீச்சல் குளத்தை நிரப்பியிருக்கலாம்!

தட்டுங்க, தட்டுங்க. ஆனால் ஒரு சிலர் தட்ட மாட்டார்கள். அடிக்கல் நாட்டிய அன்றைக்கு ரிப்பன் வெட்டியவர்கள் அவர்கள். வட்டலாப்பம் சாப்பிட்டுவிட்டு 'நம்ம ஊருக்கு வந்த பரக்கத்' என்று பேசினார்களே! இப்போது கேட்டால், 'அது தனியார் விஷயம், நாங்கள் தலையிடுவதில்லை' என்கிறார்கள். ரிப்பன் வெட்டும்போது பொது விஷயம், கேள்வி கேட்கும்போது தனியார் விஷயமா? நான் யாரையும் சொல்லவில்லை. தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்ளட்டும். போன கிழமை இன்னொரு மேடையில் என்னைப் பற்றிப் பேசினார்களாம், 'அவருக்கு வேலை இல்லை, கடிதம் எழுதுகிறார்' என்று. ஓம், எழுதுகிறேன்! சூரா பகராவின் 282ஆம் வசனம் எதைப் பற்றியது? தவணை வைத்துக் கடன் பேசினால் எழுதிக்கொள்ளச் சொல்கிற வசனம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். அதை ஓதுகிற ஊரில், எழுதுகிறவனுக்கு வேலை இல்லையாம்!

சரி, அவர்களை விடுங்க. கடிதத்துக்கு வருவோம்.

என் முதல் கடிதத்தை வாசிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வாசிக்கிறேன். 'மதிப்புக்குரிய ஐயா, கிளப் ஹவுஸ், பூங்கா வேலைகள் எப்போது முடியும் என்று தயவுசெய்து அறியத் தரவும்.' அவ்வளவுதான். தபால் அதிபர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: 'நானா, இதுக்கு அவன் பதில் போடாட்டி என்ன நட்டம்? நீங்க கேள்விதானே கேட்டிருக்கீங்க. கேள்விக்கு மௌனமா இருந்தா அது வெறும் மௌனம். நீங்க ஒண்ட சொல்லோணும். அதுக்கு அவன் மௌனமா இருந்தாத்தான் அது சம்மதம்.'

பிறகு ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். அவர் 1948ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றை எடுத்துக் காட்டினார். சரவணமுத்து எதிர் டி மெல், நம்ம நாட்டு வழக்கு. வியாபார விஷயத்தில் ஒருவர் 'நடந்தது இது' என்று கடிதத்தில் எழுதுகிறார். பெற்றவருக்கு அதில் உடன்பாடு இல்லை என்றால் மறுத்து எழுத வேண்டும். எழுதாமல் இருந்தால், அவர் ஒப்புக்கொண்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள இடமுண்டு. இடமுண்டு என்றுதான் சொல்கிறேன், எல்லாக் கடிதத்துக்கும் தானாக நடக்காது. ஆனாலும் யோசித்துப் பாருங்க. நிக்காஹ் வீட்டில் மணப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்று எடுக்கிறோமே, பில்டரின் மௌனத்துக்கு மட்டும் ஏன் வேறு அர்த்தம்?

அதனால் இரண்டாம் கடிதத்தைத் தபால் அதிபர் எழுதினார். முதலில் மூன்று கூற்றுகள். ஒன்று, இன்ன திகதியில் நீங்கள் தந்த புத்தகத்தின் நாலாம், ஐந்தாம் பக்கங்களில் கிளப் ஹவுஸும் பூங்காவும் காட்டப்பட்டன. இரண்டு, அதை நம்பித்தான் நாங்கள் வாங்கினோம். மூன்று, இன்றைய திகதி வரை இரண்டும் கட்டப்படவில்லை. கூற்றுகளுக்குப் பிறகுதான் கேள்விகள். அங்கீகரிக்கப்பட்ட பிளானில் இவை எந்தத் துண்டு, துண்டு இலக்கம் என்ன? அந்தத் துண்டு இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது? எந்தத் திகதிக்குள் முடிப்பீர்கள்? முடிக்கப் போவதில்லை என்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். கடைசி வரி: பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை, மேற்சொன்னதில் எதையாவது மறுப்பதென்றால் அதையும் எழுதுங்கள். வசவு இல்லை, மிரட்டல் இல்லை. மதில் வெடிப்பு, தண்ணீர்க் குழாய் எதையும் சேர்க்க விடவில்லை. 'பத்து முறைப்பாடு எழுதினா, லேசான ஒண்டுக்கு மட்டும் பதில் போட்டுட்டு மத்ததை விட்டுடுவான்' என்றார்.

பதிவுத் தபாலில் போனது, கிடைத்ததற்கு ஒப்பமிட்டுத் திரும்பி வரும் அட்டையோடு. அட்டை வந்துவிட்டது. ஒப்பமும் திகதியும் இருக்கிறது. 'கிடைக்கவில்லை' என்று இனிச் சொல்ல முடியாது.

எழுத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. காணி விஷயத்தில் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாத வாக்குறுதி செல்லாது. பிளேன்டீ வாக்குறுதிக்கு அங்கே இடமே இல்லை. 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டத்தையும் பாருங்க. எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட 6 வருஷம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருஷம். 'அடுத்த மாசம்' என்று சொல்லியே மூன்று வருஷத்தை ஓட்டிவிடலாம். பில்டருக்கு அது தெரியும், நமக்குத்தான் தெரியாது.

இந்தியாவில் நடந்ததைக் கேளுங்க. பெங்களூர், டி.எல்.எஃப். நிறுவனத்தின் அடுக்குமாடி. வீடு தாமதம், சொன்ன வசதிகளும் முழுசாக வரவில்லை. 339 பேர் வழக்காடினார்கள். தேசிய நுகர்வோர் ஆணைக்குழு 2019இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 24இல் அதைப் புரட்டிப் போட்டது. தாமதத்துக்கு, கட்டிய பணத்தின் மேல் வருஷத்துக்கு 6 சதவீத வட்டி. விளம்பரத்தில் காட்டி விற்ற வசதிகளுக்கும் பில்டர் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்றது. எது வழக்கைத் தூக்கியது தெரியுமா? 'நட்டஈட்டு உரிமையை வைத்துக்கொண்டே உறுதி எழுதலாமா' என்ற பேச்சில், எந்த ஆட்சேபத்தோடும் உறுதி எழுத முடியாது என்ற தோரணையில் நிறுவனம் அனுப்பிய நாலு பதில்கள். நாலே நாலு! நீதிமன்றம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பு நம்ம நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பில்டரின் கைப்பட வந்த ஒரு வரிக்கு என்ன எடை என்று காட்டுகிறது.

இப்போது பூங்கா. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய இடத்தில் 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு போட்டால், பாதைகள் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டுக்கும் விட வேண்டும். 1 ஹெக்டேயர் நம்ம கணக்கில் ஏறக்குறைய 395 பேர்ச்சஸ். எங்கள் காணி மூன்று ஏக்கர், 480 பேர்ச்சஸ். பாதைக்கு 80 போனால் 400 மிச்சம். அதில் 40 பேர்ச்சஸ் நம்ம பிள்ளைகளுக்கு! உங்கள் காணிக்கு இந்த விதி பொருந்துகிறதா என்று பிரதேச சபையில் கேளுங்க. ஒரே காணியை ஒரு ஹெக்டேயருக்குக் குறைவான இரண்டு காணியாகக் காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்க.

சபையில் எப்படிக் கேட்பது? அங்கேயும் எழுத்தில்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு, அங்கீகரித்த பிளானின் பிரதியைக் கேளுங்க. தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிளான் வந்ததும் புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தைப் பக்கத்தில் வையுங்க. புத்தகத்தில் பச்சை, பிளானில் வீட்டுத் துண்டு என்றால், பூங்காவை ஏற்கெனவே யாருக்கோ விற்கப் பார்க்கிறார்கள். நேரம் கடத்தாதீங்க, அந்தத் துண்டுக்கு உறுதி எழுதிவிட்டால் பிறகு பூங்காவை மீட்க முடியாமல் போகலாம், காசு மட்டும்தான் பேச்சாகும்.

'படங்கள் ஓவியரின் கற்பனை' என்று கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்களே என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. பனிமலை கற்பனை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைக்காரப் பெண்ணையும் விட்டுவிடுகிறேன். ஆனால் கட்டடமே கற்பனையா? அப்படியென்றால் அதைக் கையொப்பம் வைத்து எழுதித் தரட்டும். கேட்டதே அதுதானே!

நேரம் போய்விட்டது என்று துண்டு வருகிறது. முடிக்கிறேன். ஒப்ப அட்டையில் இருக்கிற திகதியிலிருந்து இன்றைக்குப் பதினோராம் நாள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. பதில் வந்தால் ஃபைலில் போகும். வராவிட்டால், பதினைந்தாம் நாள் காலையில் 'உங்கள் பதில் கிடைக்கவில்லை' என்று இரண்டு வரிக் கடிதம் போகும், அதன் பிரதியும் ஃபைலில் போகும். அந்த ஃபைல் இப்போது பின்வரிசையில், ஒருவரின் மடியில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதீங்க. பார்த்தால் அவர் எழுந்து போய்விடுவார், பதினைந்தாம் நாள் கடிதத்தை நான் தனியாக எழுத வேண்டி வரும்.