ஒரே வினா, ஒரே சுமை: இருமொழி வினாத்தாளில் கடினத்தைச் சமன்செய்தல்



மலேசியாவில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டத்தின்கீழ்ச் சில தமிழ்ப்பள்ளிகள் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கின்றன. பிற பள்ளிகள் தமிழிலேயே கற்பிக்கின்றன. இவ்விரு சாராருக்கும் ஒரே தேர்வை நடத்தும்போது ஒரே வினாத்தாளை இரு மொழிகளில் ஆக்க நேர்கிறது. மொழிபெயர்ப்பு பிழையின்றி அமைந்தாலும், கடினம் மாறிவிடலாம் என்பதே இன்று நான் கூறவிழைவது.

"ஓர் இருசமபக்க முக்கோணத்தில் சமமான பக்கங்கள் எத்தனை?" என்னும் வினாவைக் காண்போம். ஆங்கிலத்தில் இம்முக்கோணத்தின் பெயர் 'ஐசோசிலிஸ்' என்பதாகும். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். பொருளை நினைவிலிருந்தே எடுத்தாக வேண்டும். தமிழ்ச் சொல்லோ விடையைத் தன்னுள்ளேயே தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் அறிவைச் சோதிக்கும் வினா, தமிழில் வாசிப்பை மட்டுமே சோதிக்கிறது.

மாறாகவும் நேரும். 'ஐந்தில் இரண்டு' என்பதைப் பின்னமாக எழுதச் சொன்னால், தமிழ் மாணவர் முதலில் கேட்கும் ஐந்தைக் கீழேயும் பின்னர்க் கேட்கும் இரண்டை மேலேயும் எழுதவேண்டும். ஆங்கிலத்தில் மேலெண்ணே முதலில் வரும்; கேட்ட வரிசையிலேயே எழுதிவிடலாம். இங்குத் தமிழ் வடிவமே கடினமானது.

தமிழ்த்தாளை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடும் வழக்கம் உண்டு. அம்முறை பொருட்பிழையைக் காட்டும். இவ்வகைச் சாய்வைக் காட்டாது. மேற்சொன்ன இரு வினாக்களும் சிறிதும் மாறாமலே மூலத்திற்குத் திரும்பிவிடும்.

ஆதலின் முன்னோட்டத் தேர்வின் விடைகளை நோக்கவேண்டும். ஐயத்திற்குரிய வினாவை நீக்கி, ஏனைய வினாக்களில் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்ற மாணவர்களை ஒரு குழுவாக்குக. அக்குழுவினுள் தமிழில் எழுதியோரும் ஆங்கிலத்தில் எழுதியோரும் அவ்வினாவுக்கு எவ்விகிதத்தில் சரியான விடை தந்தனர் எனப் பார்க்க. உயர், இடை, கடை என எல்லாக் குழுக்களிலும் ஒரு மொழியினரே முந்தினால், வேறுபாடு மாணவரிடம் இல்லை. பெரும்பாலும் வினாவிடமே உள்ளது. மாணவர் தொகை சிறிதாயின் இவ்வேறுபாடு தற்செயலாகவும் தோன்றலாம். அப்போது இருமொழி அறிந்த கணித ஆசிரியரின் வாசிப்பே துணை.

கலைச்சொல்லை மாற்றுவது தீர்வாகாது. அது மாணவர் கற்ற சொல். வினாவையே இரு மொழியிலும் மாற்றவேண்டும். முக்கோணத்தை வரைந்து, சமபக்கங்களைக் குறியிட்டு, "இதற்குச் சமச்சீர்க் கோடுகள் எத்தனை?" என்று வினவலாம். 'ஒன்று' என்னும் விடையை எம்மொழிப் பெயரும் காட்டிக்கொடுப்பதில்லை. பின்ன வினாவில் சொற்றொடருக்குப் பதிலாக ஐந்து சம கட்டங்களை வரைந்து, இரண்டுக்கு வண்ணமிட்டுக் காட்டலாம்.

எனவே, தமிழ் வடிவத்தை ஆக்குபவர், மூலவினா முடிவாவதற்கு முன்னரே வினா ஆக்குநரோடு அமர்தல் வேண்டும். மூலம் அச்சேறிய பின்னர் வருபவரால் சொற்களைத் திருத்த இயலும்; சுமையைச் சமன்செய்ய இயலாது.