பெயராக வந்து கடவுச்சொல்லாக மாறிய ஸ்ட்ரீம் கீ

நேரலை தொடங்கும் நேரம் நெருங்கியும் யூடியூபின் லைவ் கன்ட்ரோல் ரூமில் படம் வரவில்லை, ஸ்ட்ரீம் செயலற்று இருக்கிறது என்று காட்டினால், பலர் முதலில் சந்தேகப்படுவது ஸ்ட்ரீம் கீயைத்தான். உடனே அதை ரீசெட் செய்துவிடுகிறார்கள். அந்த அவசரம் பெரும்பாலும் தவறான இடத்தில் கை வைக்கிறது என்பதே இந்தக் காணொளியின் வாதம். கன்ட்ரோல் ரூமின் அறிவிப்பு கீயைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அது ஏன் என்று புரிய, ஸ்ட்ரீம் கீ எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

மேக்ரோமீடியா நிறுவனம் 2002இல் ஃப்ளாஷ் கம்யூனிகேஷன் சர்வரை வெளியிட்டது. வெப்கேமின் படத்தை அந்தச் சர்வருக்கு அனுப்பப் பயன்பட்ட நெறிமுறைதான் ஆர்டிஎம்பி. என்கோடர் முதலில் `connect` என்று சொல்லி சர்வரோடு இணையும்; பிறகு `publish` என்று சொல்லி, தன் ஓடைக்கு ஒரு பெயரையும் சேர்த்துக் கொடுக்கும். அந்தப் பெயருக்கு ரகசியம் எதுவும் தேவைப்படவில்லை. பார்ப்பவரும் அதே பெயரைச் சொல்லித்தான் ஓடையைக் கேட்டுப் பெற்றார். அந்தக் காலத்துப் பிழைக் குறியீடான `NetStream.Publish.BadName` என்பதற்கும், அதே பெயரில் வேறொருவர் ஏற்கெனவே ஒளிபரப்புகிறார் என்பதே பொருள். 2005இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. 2009இல் நெறிமுறையின் விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிட்டது. ட்விட்ச், யூடியூப் போன்ற தளங்கள் இதே வழியில் வீடியோவைப் பெற்றுக்கொள்ளத் தொடங்கியபோது, யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக்கோவையை அந்தப் பெயரின் இடத்தில் வைத்தன. பெயர் அப்படித்தான் கடவுச்சொல்லின் வேலையையும் சுமக்கத் தொடங்கியது. 2021 அக்டோபரில் ட்விட்சின் உள்தரவுகள் கசிந்தபோது, அந்நிறுவனம் எல்லா ஸ்ட்ரீம் கீகளையும் மாற்றியதே இதற்குச் சான்று.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கீ தவறு என்றால் கன்ட்ரோல் ரூம் அதை நேராகச் சொல்லிவிடலாமே? சொல்ல முடியாது. வழக்கமான இணைப்பில் என்கோடர் பயனர் பெயரைத் தனியாக அனுப்புவதில்லை. கீ ஒன்றுதான் அடையாளம். ஓர் எழுத்து மாறிய கீ வந்தால், அதை அனுப்பியவர் எந்தச் சேனலுக்கு உரியவர் என்று சர்வருக்குத் தெரிய வழியே இல்லை. அந்த இணைப்பை மறுக்கலாம், துண்டிக்கலாம். உங்கள் திரைக்கு வந்து சொல்ல முடியாது. யூடியூபின் ஏபிஐ `inactive` என்ற நிலைக்குத் தரும் விளக்கமும் இதையே காட்டுகிறது: இந்த ஓடையில் தரவு வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே கீ பற்றிய பிழையை கன்ட்ரோல் ரூமில் தேடிப் பயனில்லை, என்கோடரில்தான் தேட வேண்டும். ஓபிஎஸ்ஸில் `Failed to connect to server` என்று வந்தால், பேச்சு கீ வரை போகவே இல்லை. முகவரியையும் இணையத்தையும், 1935ஆம் போர்ட்டை அலுவலக ஃபயர்வால் தடுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்டிஎம்பிஎஸ் முகவரிக்கு மாறினால் போக்குவரத்து 443ஆம் போர்ட் வழியே போகும். `Could not access the specified channel or stream key` என்று வந்தால், சர்வரை எட்டியாயிற்று, அதற்குப் பிறகுதான் மறுப்பு. கீயைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது, பிழையே இல்லாத நிலை. ஓபிஎஸ் இணைந்துவிட்டது, பிட்ரேட் சீராக ஓடுகிறது, கன்ட்ரோல் ரூமில் மட்டும் எதுவும் வரவில்லை. யூடியூப் ஒளிபரப்பையும் ஓடையையும் தனித்தனிப் பொருள்களாக வைத்து, ஒன்றை மற்றொன்றோடு பிணைக்கிறது. தலைப்பும் நேரமும் ஒளிபரப்பைச் சேர்ந்தவை. கீ ஓடையைச் சேர்ந்தது. ஒரு சேனலுக்குப் பல கீகள் இருக்கலாம். மாலை நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிந்தவர் அதற்கென்று புதிய கீ உருவாக்கியிருக்கிறார், ஓபிஎஸ்ஸிலோ பழைய கீயே இருக்கிறது என்று வையுங்கள். பழைய கீயும் செல்லுபடியாகும் கீதான் என்பதால் சர்வர் மறுக்காது. தரவு பழைய ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கும். திறந்திருக்கும் பக்கமோ புதிய ஓடையைப் பார்த்துக் காத்திருக்கும். அங்கே கீ தேர்வுப் பட்டியலைத் திறந்து பழைய கீயைத் தேர்ந்தெடுத்தால் படம் வந்துவிடும். இல்லையென்றால் ஓபிஎஸ்ஸை நிறுத்தி, புதிய கீயை ஒட்டி, மறுபடி தொடங்கலாம்.

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி, ரீசெட் செய்தால் எல்லாம் புதிதாகிவிடுமே என்பார்கள். கீ அடுத்தவர் கண்ணில் பட்டுவிட்டது என்றால் ரீசெட் கட்டாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஃபயர்வால் தடுக்கும்போது ரீசெட் எதையும் சரிசெய்யாது. ரீசெட் செய்த கணத்தில் பழைய கீ செத்துவிடும். அதை வைத்திருந்த இன்னொரு கணினியும் மாற்று என்கோடரும் சேர்ந்தே பயனற்றுப் போகும். அதுவரை ஒரே கோளாறு இருந்த இடத்தில் இரண்டாவதும் சேர்ந்துவிடும், பிறகு எது எதனால் என்று பிரித்தறிவது இன்னும் கடினம்.